சூட்டி யாருக்கு வயிற்றைக் காட்டியது

என் பூனை சூட்டி பின்படிக்கட்டில் பதுங்கியிருந்து நவரத்தினத்தார் மேல் பாய்ந்து கடித்துவிட்டதாம். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் முழுக்க இதே கதை. மூன்றாம் மாடியிலிருந்து கீழே கேட் வரைக்கும் போய்ப் பரப்பினவ அவருடைய மனுசி பரிமளம். சூட்டி இரண்டு கையளவு இருக்கும். அவர் ஆறடி. பாய்ந்ததாம், கேட்டீர்களா!

பரப்பினதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்கு மத்தியானம் கேட்டடியில் ஒரு திரீவீல் ஓட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு, கையில் சாக்கோடு என் கதவைத் தட்டினா. சூட்டியைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். நுகேகொடைச் சந்தையில் கொண்டுபோய் விடப் போறாவாம். நாலு வருசமாக என் கட்டிலில் படுக்கிற பூனை, சந்தை நாய்களுக்கு நடுவில் ஒரு இரவு தாங்குமா? அதை அவவுக்குச் சொன்னேன். அவ சஷ்டி விரதக்காரி, பாலும் பழமும் மட்டும் எடுத்துக் காய்ந்துபோய் நிற்கிறா. வாயில் மட்டும் எந்த விரதமும் இல்லை. பூனைக்காகப் பரிந்து பேசுகிறவள் மனிசனுக்கு ஏற்றும் விசர்நாய்க்கடி ஊசியையும் தன் கையில் ஏற்றிப் பார்க்கட்டும் என்றா.

பிளாட் கொமிற்றித் தலைவர் மஜீட் ஹாஜியார் வந்ததால்தான் நாங்கள் இரண்டு பேரும் தலைமயிரைப் பிடித்துக்கொள்ளவில்லை. நடந்த இடத்தைப் பார்க்காமல் தான் எதுவும் சொல்லமாட்டேன் என்றார் அவர். அதனால் நவரத்தினத்தாரையும் கூப்பிட்டுக்கொண்டு நாலு பேரும் பின்படிக்கட்டுக்குப் போனோம். அந்தப் பக்கம் குப்பை கொண்டுபோகிறவர்களைத் தவிர யாரும் போவதில்லை.

நவரத்தினத்தார் இந்தப் படியில் நின்றாராம், சூட்டி மேல்படியிலிருந்து பாய்ந்ததாம். மனிசன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். கையில் சுற்றியிருந்த காயக்கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். பரிமளம் துள்ளினா. ஹாஜியார் தானும் பார்க்கவேண்டும் என்றதும் வேறு வழியில்லாமல் அவிழ்த்தார்.

பார்த்தவுடனேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கின இரண்டு துளைகள். மணிக்கட்டின் இரண்டு பக்கமும் நகம் குத்திப் பிடித்த அடையாளம். பிறகு முன்கையின் உள்பக்கத்தில், உள்ளங்கையிலிருந்து முழங்கைப் பக்கமாக, நீள நீளமாகக் கீறல்கள். என் கையிலும் அதே இடத்தில் அதே கீறல்கள் இருக்கின்றன, சூட்டி குட்டியாயிருந்த காலத்தில் வாங்கினவை. எல்லாம் பழைய வடு. புதிதாக ஒன்றும் இல்லை.

"ஹாஜியார், மேல இருந்து பாயிற பூனை முன்கையின்ர உள்பக்கத்தை எப்பிடிக் கீறும்?" என்று கேட்டேன். "இது பூனை மல்லாந்து கிடக்க, இவர் மேலால கையை வைச்சு வயித்தைத் தடவினதில வந்தது. முன்கால் ரெண்டாலயும் கட்டிப் பிடிச்சு, பல்லால கவ்வி, பின்காலால உதைச்சிருக்கு. இந்த நீளக் கீறல் இவர் கையை இழுத்ததால வந்தது. அசையாம வைச்சிருந்தா அது தானா விட்டிருக்கும்."

அவர் மறுத்தார். ஜென்மத்தில் பூனையைத் தொட்டதில்லை என்றார். பரிமளம் அதற்கு மேலே போய், தன் புருசன் பூனை மயிர் பட்டாலே குளிக்கிற ஆள் என்றா. நான் பொய்க்காரியாம், கொட்டாஞ்சேனைக்காரிக்கு வாய்தான் பெரிசாம். என்னைச் சொல்லு, நான் பிறந்த கொட்டாஞ்சேனையை ஏன் இழுக்கிறாய்? அதைக் கேட்க நான் வாயைத் திறந்த நேரத்தில்தான் மேலேயிருந்து சூட்டி இறங்கி வந்தது.

ஒவ்வொரு படியாக, வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டிப் போனது. ஹாஜியாரின் செருப்பை ஒரு தரம் மோந்தது. நேரே நவரத்தினத்தாரின் காலடிக்குப் போய், அவருடைய காற்சட்டையில் கன்னத்தை உரசிவிட்டு, தொப்பென்று விழுந்து மல்லாந்தது. வெள்ளை வயிறு முழுக்கத் தெரிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. கண் பாதி மூடியிருந்தது.

 எனக்கு அதோடு விடத் தெரியவில்லை.

"பாத்தீங்களே பரிமளமக்கா? குடல் கிடக்கிற இடம் அது. கண்ட கண்ட ஆக்களுக்குப் பூனை அதைக் காட்டாது. நல்லாப் பழகின ஆளுக்குத்தான் காட்டும். உங்கட மனிசனை இதுக்கு நல்லாத் தெரியும்."

"எனக்கு இதைத் தெரியாது" என்றார் அவர்.

"அப்ப பிழை பூனையிலயா? நீங்கள்தான் அதை உதைச்சிருப்பீங்கள், அடிச்சிருப்பீங்கள். அதுதான் கடிச்சிருக்கு."

வேண்டுமென்றுதான் சொன்னேன். மனிசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் அடிச்சனானோ? மூண்டு மாசமாச் சாப்பாடு போடுறன், நான் அடிப்பனோ? தடவச் சொல்லித்தானே வயித்தைக் காட்டினது! ஆசையாத் தடவினன், அதுக்குள்ள கடிச்சுப் போட்டுது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"தடவச் சொல்லிக் காட்டுறதில்லை அண்ணை" என்றேன். "உங்களை நம்புறன் எண்டு காட்டுறது. நம்பிறது வேற, தொட விடுறது வேற. வயித்தில கை பட்டா, பட்டது ஆரின்ர கை எண்டு பாக்காது. கட்டிப் பிடிச்சு உதைக்கும். தாடையைச் சொறிஞ்சிருந்தா ஒண்டும் நடந்திராது."

பரிமளம் என்னைக் கவனிக்கவேயில்லை. சாக்கு கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. அவ புருசனைத்தான் பார்த்தா.

"என்ன சாப்பாடு போட்டனீங்கள்?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"கேக்கிறனெல்லே. என்ன?"

"மாலு பாண்."

"விரதத்துக்கையுமோ?"

 அந்த மீன் பணிஸைக் கடையிலிருந்து அவர் ஒளித்துக்கொண்டு வருவதும், பின்படிக்கட்டில் குந்தித் தின்பதும், உள்ளே இருக்கிற மீனில் பாதியைச் சூட்டிக்கு வைப்பதும் அப்படியே எங்கள் எல்லோருக்கும் கண்ணில் தெரிந்தது. பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போவார்கள். அவ பசியில் தள்ளாடிக்கொண்டு நடக்க, இவர் தானும் விரதம் என்ற பாவனையில் பக்கத்தில் விபூதி பூசிக்கொண்டு போவார். அதை மறைக்கத்தான் கதையில் என் பூனையைப் பாயவிட்டார், பாவி மனிசன்.

பரிமளம் ஒரு சொல்லும் சொல்லாமல் மேலே ஏறிப் போனா. கத்தியிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். ஹாஜியார் கேட்டடிக்குப் போய், சிங்களத்தில் திரீவீல்காரனிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்து, கடித்த பூனையை இரண்டு கிழமைக்குக் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் டொக்டர்மார் சொல்வார்கள், துரத்துவது மடவேலை என்று நவரத்தினத்தாருக்கு இரண்டு வார்த்தை சொன்னார்.

வென்றுவிட்டேன். சூட்டி எங்கேயும் போகாது. மேலே கொண்டுபோவதற்காகக் குனிந்து, "வா சூட்டி" என்று கையை நீட்டினேன். அது அப்படியே மல்லாந்துதான் கிடந்தது. என் கை கிட்டப் போனதும் காது இரண்டையும் பின்னால் மடித்து, சட்டென்று புரண்டு எழும்பி, அவருடைய காலுக்குப் பின்னால் போய் நின்றது.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். எல்லாம் பழைய வடு. புதிதாக ஒன்றும் இல்லாததற்கு நான் இப்போது வயிற்றைத் தொடுவதில்லை என்பதா காரணம்? தொடுவதற்கு அது எனக்கு வயிற்றைக் காட்டினால்தானே. குட்டியாயிருந்த காலத்தில், கதவைத் திறந்தவுடன் உருளும். நான் ஓடிப்போய் வயிற்றில் பிடிப்பேன். ஒவ்வொரு நாளும் பிடிப்பேன். அது கீறும், நான் சிரிப்பேன். பிறகு எந்த நாளில் உருளாமல் விட்டது என்று எனக்கு ஞாபகமேயில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

நவரத்தினத்தார் கீழ்ப்படியில் குந்தினார். கட்டு அவிழ்ந்த கையாலேயே, பயந்து பயந்து, ஒரு விரலால் அதன் தாடையைச் சொறிந்தார். நான் இப்போது சொல்லிக் கொடுத்த இடம். சூட்டி கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது.

 சாக்கைக் காலால் எத்திவிட்டு மேலே ஏறினேன். கதவை மட்டும் திறந்து வைத்தேன். அது வரட்டும்.