ஆளுக்கு நாலு

பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. பிள்ளைகள் காப்பகத்தின் வாசலில் நின்ற ஞானசௌந்தரி டீச்சர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தைகளுக்காக எட்டுத் தொட்டில்கள் தொங்கின. வந்திருந்த ஆயாவோ சங்கரம்மாள் ஒருத்திதான். இன்னொரு ஆயா சீனித்தாயைக் காணோம்.

வெளியே தாய்மார் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க, அவர்களை வேலைக்கு ஏற்றிப் போகும் உப்பளத்து லாரி உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். திறப்பு நாளன்றே மானம் போய்விடும் போலிருந்தது.

இந்தக் காப்பகத்துக்காக மூன்று மாதம் சர்ச் சபைக் கமிட்டியோடு மல்லுக்கட்டியவள் டீச்சர். தலைவர் தேவபிரசாதம் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர்; பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. சேர்க்கை ஜூனில்தான் என்றார். மழை ஓய்ந்து தையில் அளத்து வேலை தொடங்கும்போது ஜூனில் பெயர் எழுதி யாருக்கு லாபம் என்று கேட்டு, மார்கழியிலேயே பெயர் எழுதி டோக்கன் கொடுக்க வைத்தாள். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார். வந்த நாளுக்கு மட்டும் நாலணா, கைக்குழந்தைக்கு எட்டணா, சனிக்கிழமை கூலி வாங்கியதும் கட்டினால் போதும் என்று மாற்றினாள். கிணற்றுக்குக் கம்பி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத தாழ்ப்பாள், டோக்கன் இல்லாமல் தாய்மாமனே வந்தாலும் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்ற விதி, எல்லாவற்றுக்கும் மனுஷர் தலையாட்டினார். ‘இரண்டு வயதுக்குக் கீழே ஆயா ஒருத்திக்கு நாலு பிள்ளை’ என்ற வரியில் மட்டும் அவருடைய பென்சில் நின்று நின்று போயிற்று.

அவர் இப்போது சைக்கிளில் வந்து இறங்கினார்.

“சார், சீனித்தாய் இன்னும் வரலையே.”

“நான்தான் வரவேண்டாம்னு நேத்து சொல்லிவிட்டேன், டீச்சர். ரெண்டு ஆயா சம்பளத்துக்குக் கட்டணம் காணாது. பச்சைப்பிள்ளைக பாதி நேரம் தூங்கத்தானே போகுது? சங்கரம்மாள் எட்டையும் பாத்துக்கிடுவா.”

ஞானசௌந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அவளே பார்க்க வேண்டும். தொட்டில் பக்கம் திரும்பக்கூட முடியாது. நாலு குழந்தைகளைத் திருப்பி அனுப்பினால் அந்த நாலு தாய்மாரின் கூலி போகும். கங்காணி மாசானம் அவர்கள் பேரையும் கூலிப் பட்டியலில் அடித்துவிடுவான். வாயை மூடிக்கொண்டால் காரியம் நடக்கும். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மனசு நைசாகச் சொன்னது.

வரிசையில் முதல் ஆளாக நின்றவள் செல்லக்கிளி. போன பங்குனியில் இவளுடைய மூத்த பிள்ளை, உப்புப் பாத்திக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் விழுந்து செத்துப்போயிற்று. அப்போது கரையில் ஒன்பது பிள்ளைகளுக்குக் காவல் ஒரே கிழவி. இப்போது இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. கையில் ஒன்றாம் நம்பர் டோக்கன்.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல ஞானசௌந்தரியால் முடியவில்லை.

“எல்லாரும் கேளுங்க,” என்றாள். “ஆளுக்கு நாலுன்னு பேர் எழுதும்போது வாசிச்சுக் காட்டுனேன். இன்னைக்கு ஒரு ஆயாதான் இருக்கா. கைப்பிள்ளைக நாலைத்தான் எடுப்பேன். அதுக்கு மேல எடுக்க மாட்டேன்.”

“டீச்சர்,” என்று பல்லைக் கடித்தார் தேவபிரசாதம்.

லாரியிலிருந்து மாசானம் சத்தம் போட்டான். “ஏளா, ஏறுதீகளா இல்லையா? பாத்தி மிதிக்க ஆள் இல்லைன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லுதது?”

செல்லக்கிளிக்குக் கவலை இல்லை. முதல் நாலில் அவள் பிள்ளைக்கு இடம் உண்டு. பேசாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த ஆயா வரட்டும். அதுவரைக்கும் நான் ஏறல.”

அவளுக்குப் பின்னால் நின்றவள் உட்கார்ந்தாள். லாரியில் ஏற்கெனவே ஏறியிருந்த இரண்டு பேர் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்கச் சேலையும் பிள்ளையுமாக நிறைந்துவிட்டது. மாசானம் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் தேவபிரசாதத்திடம் வந்தான்.

“ஐயா, இந்தக் கட்டடம் மொதலாளி கொடுத்தது. லாரி காலியாப் போச்சுன்னா அவரு ஒங்களத்தான் கேப்பாரு.”

ஹெட்மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சீனித்தாயின் வீட்டுப் பக்கம் மிதித்தார். அரை மணி கழித்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது பின்சீட்டில் சீனித்தாய் இருந்தாள்.

ஞானசௌந்தரி தாழ்ப்பாளைத் திறந்தாள். செல்லக்கிளி உடனே பிள்ளையை நீட்டிவிடவில்லை. ஓரமாக நின்று, மற்ற ஏழும் உள்ளே போகிறவரை பார்த்தாள். சங்கரம்மாளிடம் நாலு, சீனித்தாயிடம் மூன்று. விரல்விட்டு எண்ணினாள். பிறகுதான் தன் பிள்ளையைச் சீனித்தாயின் கையில் கொடுத்தாள்.

“நாலு,” என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்த்து ஓடினாள்.