நாலாவது வரி

அண்ணி ஆன்லைனில் குழந்தைத் துணி விற்பவள். வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப அவள் நோட்டில் தமிழில் எழுதித் தந்த அறிவிப்பை நாத்தனார் மடிக்கணினியில் ஆங்கிலமாக்கிக் கொண்டிருந்தாள். பல ஊர், பல மொழி வாடிக்கையாளர்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரின் ஆர்டர் பட்டியலும் நேற்று வெளியே போய்விட்டது. கூரியர்காரருக்காக அண்ணிதான் அதை "லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்" என்று திறந்து வைத்திருந்தாள். அந்த லிங்க் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது.

"படி," என்றாள் அண்ணி.

"கார்டு விவரம், பாஸ்வேர்டு எதுவும் போகல. லிங்கை மூடிட்டோம். சில தொடர்பு விவரங்கள் மட்டும் வெளியே போயிருக்கு. போதும் அண்ணி, ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கணுமா?"

"நான் எழுதின நாலாவது வரி எங்கடி?"

"டெலிவரி குறிப்பா? அதுவும் தொடர்பு விவரம்தானே. 'சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு'ன்னு எழுதினவங்களைப் பயமுறுத்தினா, கடைக்கு யார் வருவா?"

"கடை போனா வேற கடை. பூட்டை மாத்தணும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அண்ணி பட்டியலைத் திறந்து டெலிவரி குறிப்புக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தாள். நாற்பத்தோராவது வரியில் கை நின்றது. 'புது முகவரி. என் முன்னாள் கணவர் கேட்டாலும் தயவுசெய்து சொல்லாதீங்க.'

உடனே அந்த வரியிலிருந்த போன் எண்ணைத் தட்டினாள். எடுக்கவில்லை. மறுபடி தட்டினாள்.

"ஹலோ?" பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அம்மா, துணிக்கடையிலிருந்து பேசறேன். என் தப்புல உங்க புது முகவரி வெளியே போயிடுச்சு. உங்க குறிப்பும் சேர்ந்துதான்."

"காலைல ஒரு கூரியர் போன் பண்ணான். ஆறு மணிக்கு வீட்ல இருப்பீங்களான்னு கேட்டான். இருப்பேன்னு சொல்லிட்டேன்."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் மணி ஐந்தேகால்.

"எங்க கடையிலிருந்து இன்னைக்கு உங்களுக்கு எதுவும் வரலம்மா. வேற எதுவும் வாங்கினீங்களா?"

"இல்லியே."

"அப்போ யாருன்னு ஆராய இப்ப நேரமில்ல. பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க. போலீசுக்கும் சொல்லுங்க. போக இடம் இருக்கா?"

"அக்கா வீடு."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணி போனை வைத்தாள். நாத்தனார் 'சில தொடர்பு விவரங்கள்' என்ற வரியை அழித்துவிட்டு, பெயர், போன், முகவரி, டெலிவரி குறிப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். "சாவி இருக்கும் இடத்தையோ தனியாக இருக்கும் நேரத்தையோ எழுதியிருந்தால் இன்றே மாற்றுங்கள். கூரியர் என்று யாராவது அழைத்தால், எங்களிடம் கேட்காமல் எதுவும் சொல்லாதீர்கள்."

"தப்பு யாருதுன்னு போடட்டுமா?"

"என்னுதுன்னு போடு. என் நம்பரையும் போடு."

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் குறுஞ்செய்தி வந்தது: 'அக்கா வீட்ல இருக்கோம்.'

அறிவிப்பை அனுப்பும் பொத்தானை அண்ணியே அழுத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அலறத் தொடங்கியது.

"திட்டப் போறாங்க அண்ணி. நான் எடுக்கறேன்."

"நகரு," என்று போனை எடுத்துக் காதில் வைத்தாள் அண்ணி.