ஒரு ஃபேஸ் செத்த மோட்டார்

மர அறுவை மில்லில் பெரிய வாளைச் சுழற்றும் மோட்டார் அன்று காலையில் ஒரு மரத்தின் நடுவிலேயே நின்றுபோனது. நின்றதே தவிர அடங்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருந்தது.

மில் மேஸ்திரியின் தம்பி அங்கே வாளில் மரம் அறுக்கிறவன். எல்லோருக்கும் அவன் சின்னவன். மரத்தைப் பின்னுக்கு இழுத்து வாளை விடுவித்தான். அப்படியும் மோட்டார் சுற்றவில்லை.

"பெல்ட்டப் புடிச்சு ஒரு இழு இழுடா, எடுத்துக்கும்!" என்று மேஸ்திரி ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கமிருந்து கத்தினார்.

சின்னவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். மூன்று ஃபேஸில் ஒன்று செத்துவிட்டால் மோட்டார் தானாகக் கிளம்பாது. ஆனால் யாராவது தள்ளிவிட்டால், தள்ளிய பக்கமே பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். அதுதான் நடந்தது. அவன் கையை எடுப்பதற்குள் பெல்ட் அந்தக் கையையும் சேர்த்து புல்லிச் சக்கரத்துக்குள் இழுத்தது. எலும்பு உடைந்த சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று பிறகு மரம் தூக்குகிறவர்கள் சொன்னார்கள். மேஸ்திரி சிவப்புப் பொத்தானை அடித்தபோது மரத்தூள் எல்லாம் நனைந்து கருத்திருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே சின்னவனுக்கு மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை.

தம்பியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மேஸ்திரி அங்கே உட்காரவில்லை. சட்டையெல்லாம் ரத்தத்தோடு மில்லுக்குத் திரும்பினார். மரத்தைப் புரட்டும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக மோட்டார் வைண்டிங் கடைக்கு நடந்தார்.

அந்த மோட்டாருக்கு முந்தின வாரம்தான் அங்கே புதுச் சுற்று கட்டியிருந்தார்கள். கட்டியவர் மேஸ்திரிக்குச் சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் இருவரும். வைண்டர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். அவருடைய மனைவிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் வீட்டில் வைத்த 'பாப்பா' என்ற பெயர் போகவில்லை. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவது அவள், மோட்டாருக்குள் இறக்கிக் கட்டுவது அவர் என்று கடை ஓடிக்கொண்டிருந்தது.

வைண்டர் குனிந்து ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, "வாங்க சகலை, நானே சாப்பிட்டுட்டு மில்லுக்கு..." என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் கடப்பாரை வலது முழங்கையில் விழுந்தது.

"எந்தம்பி கை போச்சுடா! நீ கட்டின கட்டுலதான்டா போச்சு!"

இரண்டாவது அடி தோளில். வைண்டர் வார்னிஷ் தட்டின் மேலேயே சாய்ந்தார். கண்ணெல்லாம் வார்னிஷ். மூன்றாவது அடி அலமாரியில் விழுந்து, சுற்றிவைத்த காயில்கள் எல்லாம் தரையில் சிதறின. மேஸ்திரி அவற்றை மிதித்துக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கினார்.

பின்கட்டிலிருந்து ஓடிவந்த பாப்பா முதலில், "மாமா! மாமா!" என்றுதான் அலறினாள். அவர் காதில் அது ஏறவில்லை. பிறகு அவள் கத்தவில்லை. பேரிங் தட்டும் மரச்சுத்தியலை எடுத்து அவர் காதுக்கு மேலே ஓங்கி ஒன்று போட்டாள். மேஸ்திரி முழங்காலிட்டு உட்கார்ந்தார். எழப் பார்த்தவருக்கு அதே இடத்தில் இன்னொன்று. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து கடப்பாரையைப் பிடுங்கி, அவரைத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள்.

வைண்டர் தரையில் கிடந்தபடி சொன்னது ஒன்றுதான்: "நிறுத்தச் சொன்னேனே... காலையிலேயே சொன்னேனே..."

காலையில் மேஸ்திரி போன் செய்தபோது பாப்பா பக்கத்தில்தான் இருந்தாள்.

"சகலை, ரிலே அடிக்கடி விழுந்து மோட்டார நிறுத்திடுது. டாங் டெஸ்டர மாட்டிப் பாத்தேன். ரெண்டு லைன்ல பதினேழு, பத்தொம்பது ஆம்ப்னு இழுக்குது, ஒண்ணுல பத்துதான். உங்க வைண்டிங்ல ஏதோ கோளாறு" என்றார் மேஸ்திரி.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போன வாரம் மாட்டினப்ப மூணும் ஒரே மாதிரிதானே காட்டுச்சு? முதல்ல மோட்டார நிறுத்துங்க. நான் வந்து மூணு ஒயரையும் ஒரு சுத்து இடம் மாத்திப் போட்டுப் பாக்கிறேன். குறைச்சல் மோட்டார் ஒயரோட கூடவே நகந்தா தப்பு என்னுது. அது அதே லைன்லயே நின்னா தப்பு வெளியில. கரண்ட்டு வர்ற வழியில எங்கயாவது லூசா இருக்கும்."

"லோடு நிக்குது சகலை. முதலாளி உயிர எடுக்கிறாரு."

"மோட்டார் போனா பரவால்ல, வேற கட்டிக்கலாம். ஓட்டாதீங்க, அவ்வளவுதான்."

பேச்சு அதோடு முடிந்தது. மேஸ்திரி நிறுத்தவில்லை.

வைண்டரை, சின்னவன் கிடந்த அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். அங்கே வராந்தாவில் பாப்பாவும், மேஸ்திரியின் மனைவியான அவள் அக்காவும் எதிரெதிரே நின்றார்கள். ஒருத்தி சேலையில் கொழுந்தன் ரத்தம், இன்னொருத்தி சேலையில் வார்னிஷும் புருஷன் ரத்தமும்.

"உம்புருஷன் கட்டினது சரியில்லன்னு ஊரே சொல்லுதுடி" என்றாள் அக்கா.

"ஊரு சொல்லும். அந்த காயில் ஒவ்வொண்ணும் நான் சுத்துனது. எண்ணிச் சுத்துனது. தப்பு என்னுதா இருந்தா உன் கால்ல விழறேன். வா, போய்ப் பாப்போம்."

"என்னத்தப் பாக்கிறது?"

"மோட்டாரத்தான். உங்க முதலாளி கழட்டி எறியறதுக்கு முன்னாடி பாக்கணும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மில்லில் முதலாளி இரண்டு ஆட்களை வைத்துத் தரையைக் கழுவவிட்டுக் கொண்டிருந்தார். பாப்பா அவரிடம் அனுமதி கேட்கவில்லை. மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸ்களைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பெல்ட்டில் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் மோட்டாரின் பெட்டி மூடியைக் கழற்றினாள். ஸ்டார்ட்டரிலிருந்து வந்த ஒயர்களைப் பிரித்துவிட்டு, கடையிலிருந்து எடுத்துவந்த மீட்டரின் கம்பிகளை மோட்டாரின் மூன்று முனைகளில் முதலாவதிலும் இரண்டாவதிலும் வைத்தாள்.

"படி" என்றாள்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றாள் அக்கா.

இரண்டாவதும் மூன்றாவதும். ஒன்று புள்ளி இரண்டு. மூன்றாவதும் முதலாவதும். அதே எண். பாப்பா மறுபடி ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். எண் மாறவில்லை. மூக்கை வைத்து முகர்ந்தாள். கருகல் வாடை இல்லை.

"உள்ள ஒரு சுத்து அறுந்திருந்தாலோ, வெந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தாலோ இந்த மூணும் இப்படி ஒத்துப்போகாதுக்கா. என் மோட்டார் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கரண்ட்டு ஏன் கூடக்குறைய இழுத்துச்சு?"

பாப்பா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாள். திறந்ததுமே வெந்த பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் நடு ஒயரின் முனை கரியாகிக் கிடந்தது. திருகாணியை விரலாலேயே சுற்ற முடிந்தது. லூசாக இருந்த இடம் தீப்பொறி கக்கிக் கக்கிச் சூடேறி, அந்த லைனில் வரவேண்டியதைக் குறைத்திருக்கிறது. அந்தக் குறையை மற்ற இரண்டு லைனும் தலையில் சுமந்திருக்கின்றன. கடைசியில் நடு ஒயர் அடியோடு விட்டுப்போயிருக்கிறது.

"இப்படி ஆனா நிறுத்தத்தான் ரிலேன்னு ஒண்ணு வெச்சிருக்கு. அது ஏன் விழல?" என்று கேட்டுக்கொண்டே பாப்பா டார்ச்சை உள்ளே அடித்தாள். ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு மஞ்சள் ஒயர் குறுக்கே இணைத்திருந்தது. ரிலே எத்தனை முறை விழுந்தாலும் இனி மோட்டார் நிற்காது.

அக்கா அந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டு ஃபேனுக்குப் போட்டது போக மிச்சம் என்று புருஷன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஒயர் அது.

முதலாளி பின்னாலிருந்து, "எல்லாம் பாத்தாச்சுல்ல, நகருங்கம்மா. நாளைக்குப் புது ஸ்டார்ட்டர் வருது, இதக் கழட்டி ஓரமாப் போடணும்" என்று ஆட்களில் ஒருவனுக்குக் கண் காட்டினார்.

அவன் கையை நீட்டினான். அக்கா கீழே கிடந்த சட்டக் கட்டையை எடுத்து அவன் முன்கையில் ஓங்கி அடித்தாள். அவன் அலறிக்கொண்டு பின்வாங்கினான்.

"போலீஸ் வந்து பாக்கிற வரைக்கும் இதுல எவன் கை வெச்சாலும் மண்டை தெறிக்கும். நீங்களா இருந்தாலும் சரி முதலாளி."

"உம்புருஷன்தாம்மா மாட்டுவான்!"

"தெரியும்" என்றாள் அக்கா. கட்டையைக் கீழே போடவில்லை.

போலீஸ் வந்து படம் எடுத்து, பெட்டியைச் சீல் வைத்துப் போனது. இருவரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். தலையில் கட்டோடு மேஸ்திரி தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சின்னவன் விழித்திருந்தான். வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே துணிப்பொட்டலமாக முடிந்திருந்தது.

"அந்த மஞ்சள் ஒயர் யாரு போட்டது?" என்று அக்கா கேட்டாள்.

மேஸ்திரி அவளையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரிலே விழுந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். "வைண்டிங்தான் கோளாறுன்னு நெனச்சேன். எரிஞ்சா அவன் மோட்டார்தானே எரியும், இந்த லோட மட்டும் அறுத்துடலாம்னு..."

"எரிஞ்சா மோட்டார்தானேன்னு விட்டியா?" என்றான் சின்னவன். "இழுன்னு சொன்னியே. எடுத்துக்கும்னு சொன்னியே!"

"தெரியலடா. சத்தியமாத் தெரியலடா."

சின்னவன் படுத்தபடியே காலைத் தூக்கி அண்ணன் நெஞ்சில் உதைத்தான். மேஸ்திரி நாற்காலியோடு சாய்ந்து, பக்கத்துக் கட்டிலின் இரும்பில் தலை மோதி விழுந்தார். கட்டுத் துணியில் சிவப்பு பரவியது. அவர் எழுந்து, திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றார். சின்னவன் இடது கையால் முகத்தில் குத்தினான். பழக்கமில்லாத கை, மூக்கில் பட வேண்டியது வாயில் பட்டது. உதடு கிழிந்தது. அப்போதும் மேஸ்திரி நகரவில்லை. மூன்றாவது முறை கை ஓங்கிய சின்னவனுக்குக் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் வந்தது. நர்ஸ் ஓடிவந்து எல்லோரையும் வெளியே விரட்டினாள்.

வெளியே வந்த மேஸ்திரி பாப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க மாமா. எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் சொன்னார். கடப்பாரையைப் பற்றியும் சொன்னார், ஒயரைப் பற்றியும் சொன்னார். முதலாளி தனக்கு எதுவுமே தெரியாது என்றுவிட்டார். மேஸ்திரி உள்ளே போனார். புருஷனை அடித்ததற்காகக் கொடுத்த புகாரைப் பாப்பா திரும்பப் பெறவில்லை. அக்காவும் பெறச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வைண்டரின் முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. காயிலை இறக்கிக் கட்டுவதையும் பாப்பாவே கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் விரலெல்லாம் கிழிந்தது.

மேஸ்திரி ஜாமீனில் வந்த சில நாளில் வைண்டர் அவரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று போய் இடது கையால் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கூட்டம் கூடியது. மேஸ்திரி கையைத் தூக்கவில்லை. வைண்டர் இன்னொன்றுக்குக் கையை ஓங்கினார். ஓங்கியபடியே சற்று நேரம் நின்றார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு கடைக்குத் திரும்பிவிட்டார்.

"அடிச்சீங்களாமே?" என்றாள் பாப்பா.

"ஆமா."

"ஆறுச்சா?"

"இல்ல" என்றார்.

சகலைகள் இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. அக்காவும் தங்கையும் மட்டும் மத்தியானத்தில் போனில் பேசிக்கொள்கிறார்கள். சின்னவன் இடது கையால் சோறு பிசைகிறான், சட்டைப் பொத்தானைத் தானேதான் போடுவேன் என்று மட்டும் அடம்பிடிக்கிறான் என்று அக்கா சொல்வாள். விரல் காய்த்துவிட்டது, இப்போது வலிப்பதில்லை என்று பாப்பா சொல்வாள். புருஷன்மாரைப் பற்றி அவள் கேட்பதில்லை, இவளும் சொல்வதில்லை.