ஒரே கட்டையில் கோடரியும் எருதும்

அந்தச் சலவைக்கடை மாடியில் ஞாயிறுதோறும் ஆங்கில எழுத்துக்கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆட்டம் நடக்கும். ஆடியவர்கள் முழுசாகப் படியிறங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை ஒருவர் எதிராளியின் காதைக் கடித்துவிட்டு, அதே வாயால் தன் புள்ளியையும் சொன்னார். இன்னொருமுறை இருவர் ஜன்னல் வழியாகக் கீழே போனார்கள். ஜன்னல் அப்போது சாத்தியிருந்தது.

கண்ணாடி போட்டுக் கட்டுப்படியாகாமல் நடுவரம்மா ஒரு சட்டம் கொண்டுவந்தார். சிறையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முதல் குத்து யார் விட்டாலும் சரி, அவங்க ஜென்மத்துக்கும் இந்தப் படி ஏறக் கூடாது. ரெண்டாவது குத்தைப் பத்தி எனக்குக் கவலையில்ல."

இந்தச் சட்டத்தால் அதிகம் வாடியவர் பல் டாக்டர். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர். இங்கிருந்து விரட்டினால் ஞாயிற்றுக்கிழமைகளை மாமியார் வீட்டில் கழிக்க வேண்டும். அதைவிடப் பல்லை இழப்பது மேல் என்பது அவர் கணிப்பு. தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்று எதிரே உட்கார்ந்தவர் அந்த மாமியாரின் மகன், மனைவிக்கு அண்ணன். குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. வந்த நோக்கம் இரண்டு: ஜெயிப்பது, இல்லாவிட்டால் மாப்பிள்ளையைக் கை நீட்டவைத்து விரட்டுவது.

"என்ன மாப்ள, பல்லு புடுங்குற கை நடுங்குது?"

"ஏசி ஜாஸ்தி, மச்சான்."

மேசைக்கடியில் மச்சானின் பூட்ஸ் கால் டாக்டரின் முழங்காலுக்குக் கீழ் இறங்கியது. சட்டம் குத்தைப் பற்றித்தான் பேசியது. உதையைப் பற்றி மூச்சு விடவில்லை. காலுறைக்குள் ரத்தம் சூடாக இறங்கியது. டாக்டர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்து மேசையில் ஒரு நாற்காலி மற்றொருவர் முதுகில் உடைந்தது. யார் முதல் குத்து விட்டது என்று நடுவரம்மா அங்கே விசாரிக்கப் போனார்.

பையில் கட்டை தீர்ந்துவிட்டது. டாக்டரிடம் மிச்சம் ஒரே ஒரு எக்ஸ், தொடைக்கடியில் வலக்கைக்குள். மச்சானிடம் ஐந்து கட்டை.

பலகையில் மேலிருந்து கீழாக ஒரு சொல் இருந்தது. தலையில் 'என்' என்ற ஆங்கில எழுத்து, அதன் கீழ் 'ஏ'. அந்த 'என்' எழுத்துக்கு வலப்பக்கம் இரண்டு கட்டம் தள்ளி ஓர் இளஞ்சிவப்புக் கட்டம்: அதன் மேல் போகிற சொல்லுக்கு இரட்டிப்பு. மச்சானின் கண் அதைவிட்டு நகரவில்லை. 'என்' எழுத்தோடு நான்கு கட்டைகளை வலப்பக்கம் ஒட்டி, வடக்குத் திசையை ஆங்கிலத்தில், நார்த் என்று எழுதினார்.

"எட்டு. இரட்டிப்பு, பதினாறு. இப்ப நான் நாப்பத்தாறு முன்னாடி. என்கிட்ட ஒரு கட்டைதான் இருக்கு. அம்மாவ உனக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லவா?"

கூடவே இன்னோர் உதை. எலும்பில் பட்ட சத்தம் டாக்டருக்குக் கேட்டது. வலக்கை தானாகத் தொடைக்கடியிலிருந்து வெளியே வந்து முஷ்டியானது. மச்சான் தாடையை நீட்டி ஆவலோடு காத்திருந்தார்.

முஷ்டி பாதி வழியில் நின்றது. நார்த்தில் புதிதாக வைத்த 'ஓ'வுக்கு நேர் கீழே, பழைய ஏவுக்கு நேர் வலப்பக்கம், ஒரு கருநீலக் கட்டம் காலியாக இருந்தது. அதில் விழும் எழுத்துக்கு மும்மடங்கு. இளஞ்சிவப்புக்கு ஓடிய அவசரத்தில் மச்சான் ஓவைக் கொண்டுபோய் அதன் தலைமேல் உட்கார வைத்திருந்தார்.

முஷ்டிக்குள் எக்ஸ் இருந்தது. டாக்டர் அதைக் கருநீலத்தில் வைத்தார். குறுக்கே ஏவோடு சேர்ந்து 'ஆக்ஸ்', ஆங்கிலத்தில் கோடரி. நெடுக்கே ஓவோடு சேர்ந்து 'ஆக்ஸ்', எருது. இரண்டுமே இரண்டெழுத்து.

"எக்ஸுக்கு எட்டு. மும்மடங்கு இருபத்துநாலு. கூட ஏவுக்கு ஒண்ணு, இருபத்தஞ்சு. கீழ்வாக்குல மறுபடியும் இருபத்தஞ்சு. மொத்தம் அம்பது, மச்சான்."

தன் முறை முடிந்ததென்று மேசைமேலிருந்த ஆட்டக் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார். ஆட்டம் முடிந்தது, நாலு புள்ளியில் முந்தியாயிற்று, மச்சானிடம் மிஞ்சிய கட்டைக்குரிய புள்ளி வேறு டாக்டருக்கு வரும்.

"ஒத்தக் கட்டைக்கு அம்பதா? ரெண்டு தடவ எப்படிடா எண்ணுவ?"

"ரெண்டு சொல்லுக்கும் அதே எக்ஸ்தானே."

மச்சான் எக்ஸைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கினார். சாட்சியை அழித்த திருப்தி போதாமல், தன் வாழ்நாளிலேயே சிறந்த குத்தை டாக்டரின் மூக்கில் இறக்கினார். டாக்டர் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் அப்பி, மெதுவாக வழிந்தார்.

"முதல் குத்து," என்றார் நடுவரம்மா, அங்கிருந்தே. "பொத்தானை அமுக்கியாச்சு, அம்பதும் செல்லும்."

டாக்டர் எழுந்து மூக்கைத் துடைத்தார். சட்டையை உள்ளே சொருகிக்கொண்டார்.

"இது ரெண்டாவதுதானே, அம்மா?"

"தாராளமா."

பல காலம் அடக்கி வைத்த கை அது. மச்சானின் மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று வேரோடு எழும்பி, விளக்கில் மோதி, புள்ளிப்பலகை மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு மச்சான் ஞாயிறுகளை அம்மா வீட்டில் கழிக்கிறார். விழுங்கிய கட்டை வெளியே வருமென்று யாரும் காத்திருக்கவில்லை. மாடிப் பையில் எக்ஸுக்குப் பதிலாக ஒரு கடைவாய்ப்பல் கிடக்கிறது. டாக்டர் தன் பல் துளைக்கும் இயந்திரத்தால் அதில் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார், மூலையில் சின்னதாக எட்டும். புதிதாக வருபவர்கள் பைக்குள் கை விட்டதும் அதைத் தடவியே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று மட்டும் ஒரு புகார் இருக்கிறது.