எட்டு சவரன் ஆரமும் ஏழு கிராம் குறையும்

தன் வீட்டு நகையின் எடையைக் கூட்டிச் சொல்லாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் பதினாறு வருஷமாக மதிப்பீட்டாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் வாயால் சொல்வதை என் தராசு பாதியில் நிறுத்திவிடும். அதனால் என்னைக் கண்டால் யாருக்கும் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அன்பரசி வந்தாள். படூரில் காலேஜுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி, வடகறி விற்கிறவள். கூடவே மாமியார் சந்திரம்மா. வடகறி சந்திரம்மாவின் கைவண்ணம். நானே நாலைந்து தடவை சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது.

"சார், சிறுசேரில ஒரு சாப்ட்வேர் கம்பெனி. கீழ கேன்டீன் நமக்குக் குடுத்துட்டாங்கோ" என்றாள் அன்பரசி, உட்காரும் முன்பே. "டெபாசிட் மூணு லட்சத்து அறுபதாயிரம். மூணு மணிக்குள்ள அக்கவுண்ட்ல ஏறணும். இல்லாங்காட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நகை?"

பட்டுத் துணியை அவிழ்த்தாள். சிவப்புக்கல் பதித்த பெரிய ஆரம். கழுத்தில் போட்டால் தொப்புள் வரை வரும். அதோடு ஒரு பில்லையும் எடுத்து வைத்தாள். லேமினேட் செய்த பில்.

"எங்கப்பா போட்டது. எட்டு சவரன். பில்லே கீது" என்று சொன்னவள், என்னைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்தாள். "பதினோரு வருசமா ஒருத்தங்க இதுல பாதி கல்லுன்னு சொல்லிகினு இருக்காங்க. அதான் கையோட இட்டாந்தேன். எடைய நீங்களே சத்தமா சொல்லுங்க சார்."

சந்திரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த வட்டி விகிதப் பலகையைப் படிப்பதுபோல் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆரத்தைத் தராசில் வைத்தேன். "அறுபத்து நாலு கிராம்."

"கேட்டுச்சா அத்த? எட்டு சவரன்!" அன்பரசி போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். "இன்னிக்குக் கடை ரேட்டு பத்தாயிரத்து இருநூறு. ஆறரை லட்சம் வருது. நமக்குத் தேவை மூணு அறுபதுதான். மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க சார்."

இந்த இடத்தில்தான் எல்லோரும் என்னை வெறுக்க ஆரம்பிப்பார்கள். நான் பொறுமையாகச் சொல்ல முயன்றேன். பொறுமை எனக்குச் சரியாக வராது.

"இதப் பாரும்மா. கடை ரேட்டு எங்களுக்கு வேணாம். போன முப்பது நாள் விலையோட சராசரிதான் எங்க கணக்கு. அது இன்னிக்கு ஒம்பதாயிரத்து அறுநூறு. அந்த மதிப்புல நூத்துக்கு எழுபத்தஞ்சுதான் கம்பெனி கடனாக் குடுக்கும். விலை இறங்கினா எங்களுக்கு அடி விழக்கூடாதுல்ல? ஆக, சுத்தமான இருபத்திரண்டு காரட் தங்கம் ஒரு கிராமுக்கு ஏழாயிரத்து இருநூறு. செய்கூலி, சேதாரம் எதுவும் கணக்குல வராது."

அன்பரசி திரும்பவும் போனைத் தட்டினாள். "அறுபத்து நாலு இன்ட்டு ஏழாயிரத்து இருநூறு... நாலு லட்சத்து அறுபதாயிரத்து எண்ணூறு. அப்பவும் தாராளமா வருது சார்."

"தங்கத்துக்குத்தான் கடன். கல்லுக்குக் கிடையாது. அடியில இருக்கற மெழுகுக்கும் கிடையாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மதிப்பிடும்போது நகைக்காரர் எதிரிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் இருவரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரைகல்லில் தேய்த்துத் திராவகம் விட்டேன். கோடு அப்படியே நின்றது. இருபத்திரண்டு காரட்டேதான், அதில் பழுதில்லை. பிறகு கற்களை எண்ணினேன். பெரியது பெரியதாக முப்பத்தாறு. பின்பக்கம் மெழுகு கொழுக்கட்டைப் பூரணம்போல் அடைத்திருந்தது.

"கல்லும் மெழுகும் இருபத்தொரு கிராம். நிகரத் தங்கம் நாப்பத்து மூணு."

"இன்னா சார் சொல்றீங்க? பில்லப் பாருங்க!"

பில்லை எடுத்துப் பார்த்தேன். மேல்பாதியில் மொத்த எடை 64.000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் கீழ்ப்பாதி எங்கே? எழுத்து உள்ளே மறையும்படி அதை இரண்டாக மடித்துப் பின்னால் தள்ளி, அப்படியே லேமினேட் செய்திருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மறுபக்க எழுத்து தலைகீழாக மங்கலாகத் தெரிந்தது. கல் எடை 21.000.

அன்பரசி எழுந்து வந்து தானும் பார்த்தாள். "எங்கப்பாதான் லேமினேட் போட்டுக் குடுத்தாரு" என்றாள் மெதுவாக.

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பதினோரு வருஷம் காத்திருந்து ஜெயித்தவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? ஆனால் அரை நிமிஷத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ எவ்ளோ வரும் சார்?" என்று கேட்டாள்.

"மூணு லட்சத்து ஒம்பதாயிரத்து அறுநூறு."

"கொறையறது?"

"அம்பதாயிரத்து நானூறு. அதாவது ஏழு கிராம்."

மருமகள் தோற்றால் கேன்டீனும் போச்சு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியார் முகத்தில் ஒரே நேரத்தில் வெற்றியும் தோல்வியும் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும் சதவீதத்தை ஒரு புள்ளிகூட ஏற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. கம்ப்யூட்டரே ஒத்துக்கொள்ளாது.

அன்பரசி புருஷன் ஜான்சனுக்குப் போன் போட்டாள். அவன் சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் கேப் டிரைவர். "சம்பளம் வர இன்னும் ஒம்பது நாள் கீது அன்பு" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

சந்திரம்மா இடது கையை மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டில் ஒற்றை வளையல்.

"இத்தக் கழட்டு."

"வேணாம் அத்த. ஒரு வளையல் ஏற்கெனவே அவரு கார் முன்பணத்துக்குப் போச்சு. இருக்கறதே இது ஒண்ணு."

"கல்லு கெடையாது, மெழுகு கெடையாது. சொக்கத் தங்கம். ஒரு சவரனுக்கு மேலயே நிக்கும். கழட்டுன்னா கழட்டு."

வளையல் வரமாட்டேன் என்றது. எங்கள் சுப்ரஜா, கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண், சோப்பு எடுத்து வந்தாள். நானும் எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒருவழியாகக் கழன்றது. ஈரம் துடைத்துத் தராசில் வைத்தேன். எட்டு புள்ளி எட்டு.

"யார் பேர்ல கடன்?" என்றாள் சுப்ரஜா.

"என் பேர்ல" என்றாள் அன்பரசி.

"அப்ப வளையலும் உங்க நகைதான்னு கையெழுத்துப் போடணும் அக்கா. இல்லன்னா அம்மா பேர்ல தனியா ஒரு கடன் போடலாம். ஆதார் இருக்கா?"

ஆதார் ஜான்சன் வண்டியில் இருந்தது. வண்டி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"அவ நகைன்னே போட்டுக்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் சந்திரம்மா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா! எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டு எப்படிப் பொய் எழுதறது? உங்களுதுன்னா உங்களுது. அவங்களுதுன்னா அவங்களுது. நாளைக்கு உங்களுக்குள்ள பேஜாரானா என் கழுத்துலதான் கத்தி."

சந்திரம்மா என்னை முறைத்தாள். தராசுத் தட்டில் இருந்த வளையலை எடுத்தாள். போய்விடப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் மருமகளின் கையைப் பிடித்திழுத்து அதில் மாட்டிவிட்டாள். சோப்பு தேவைப்படவில்லை.

"குடுத்துட்டேன். நீ சாட்சி, அந்தப் பொண்ணு சாட்சி. இப்ப யாருது?"

"அவங்களுது" என்றேன்.

அன்பரசி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "கல்யாணத்துக்குக்கூட ஒண்ணும் போடலியே அத்த நீங்க" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

"இப்ப போட்டேன் இல்ல? கழட்டிக் குடு, மணியாவுது."

வளையலை உரைகல்லில் தேய்த்தேன். திராவகம் விட்டதும் கோடு மங்கியது. வேறு திராவகம் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். சொக்கத் தங்கம் இல்லை, இருபத்திரண்டும் இல்லை. பதினெட்டு காரட். பதினாறாக இருந்தால் ஆறு புள்ளி நாலு கிராமுக்குத்தான் கணக்கு வரும், நாலாயிரத்துச் சொச்சம் குறையும். பதினெட்டென்றால் எட்டு புள்ளி எட்டை இருபத்திரண்டு காரட்டுக்கு மாற்றினால் ஏழு புள்ளி இரண்டு. ஆரத்தோடு சேர்த்து ஐம்பது புள்ளி இரண்டு. மூன்று லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூற்று நாற்பது.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். "வருது!" என்று கத்தியே விட்டேன். சுப்ரஜா திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் ஆபீசில் அப்படிக் கத்தியதே இல்லை.

மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்குக் கடன் போட்டோம். அவ்வளவு தொகையை ரொக்கமாகத் தரக்கூடாது, அக்கவுண்டுக்குத்தான் போகும். அங்கிருந்து அன்பரசி டெபாசிட்டைக் கட்டியபோது மணி ஒன்று நாற்பது. பணம் வந்துவிட்டது என்று அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வந்ததும் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

சுப்ரஜா அடகுச் சீட்டை நீட்டினாள். அதில் நகைவாரியாக எடை, கழிவு, காரட் எல்லாம் இருக்கும். அன்பரசியின் விரல் இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மேசையைத் துடைக்கத் துவங்கினேன்.

"என் வளையலுக்கு இன்னா போட்டுக்கீது? படி" என்றாள் சந்திரம்மா.

"எட்டு புள்ளி எட்டு கிராம், அத்த."

"அது கெடக்கட்டும். காரட்டு?"

பதினோரு வருஷக் கடனை வட்டியோடு தீர்க்க இதைவிட நல்ல நேரம் அன்பரசிக்குக் கிடைக்காது. வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினெட்டு, அத்த" என்றாள் தணிந்த குரலில்.

சந்திரம்மா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட பாவி ஆசாரி! நாப்பது வருசமா செம்பப் போட்டுக்கினா திரிஞ்சேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அன்பரசியும் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"உன் கல்ல நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றாள் சந்திரம்மா, மூச்சு வாங்கியபடி.

"உங்க செம்ப நானும் சொல்லமாட்டேன்."

இருவரும் எழுந்தார்கள். வாசல்வரை போன சந்திரம்மா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இந்தா அன்பு. மீட்டாந்தப்புறம் வளையல எங்கிட்ட திருப்பிக் குடுத்துடாத. உன் கையிலயே போட்டுக்க. யாராச்சும் கேட்டா மட்டும், மாமியா போட்டது, சொக்கத் தங்கம்னு சொல்லு."