ஆறு வடியாத மருந்துக்கடை

2023 மார்கழியில் ஏரல் ஊருக்குள் வந்த தாமிரபரணி, மூன்றாம் நாள் எல்லா வீட்டையும் எல்லாக் கடையையும் விட்டு இறங்கிப் போனது, பூதலிங்கம் மெடிக்கல்ஸை மட்டும் விட்டுப் போகவில்லை. கதவைத் திறந்தே வைத்தார்கள். தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து, கத்தியால் வெட்டிய மாதிரி நேராக நின்றது, ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை. மோட்டார் வைத்து இறைத்தார்கள்; இறைத்த அளவு மறுநாள் காலையில் திரும்ப நின்றது. காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து வந்தவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்து, வெள்ளச் சேதம் என்றால் வெள்ளம் முடிந்த தேதி வேண்டும், இங்கே இன்னும் முடியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கடைக்காரன் கணேஷ்ராமுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சுவிட்சுகளை எல்லாம் தலை உயரத்துக்கு ஏற்றினான், மருந்து அலமாரிகளைச் சுவரில் தூக்கி அடித்தான், கடையைத் திறந்தான். வருகிறவர்கள் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலளவு தண்ணீரில் நடந்து வந்து மாத்திரை வாங்கினார்கள். காலைச் சுற்றி அயிரை மீன்கள் போயின. இரண்டு மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது.

கடைக்குப் பெயர் கொடுத்த பூதலிங்கம் கணேஷ்ராமின் தாத்தா. அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. அவர் மனைவி சொர்ணாம்பாள் ஆச்சி அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. மருந்துக்கடை உரிமம் இன்னும் அவர் சான்றிதழின் மேல்தான் நடந்தது. கல்லாவுக்குப் பின்னால் உயரமான முக்காலியில் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு என்று அவரிடம் நீளமான பேரேடு ஒன்று இருந்தது. ஃபிரிட்ஜின் பின்தட்டில், மருந்துப் பெட்டிகளோடு பெட்டியாக, வளைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு வெப்பமானி. அதற்குள் இரண்டு சிறு ஊசிகள் உண்டு. நாளில் குளிர் எதுவரை இறங்கியதோ அங்கே ஓர் ஊசி நின்றுவிடும், சூடு எதுவரை ஏறியதோ அங்கே மற்றொன்று. காலையிலும் சாயங்காலமும் ஆச்சி மூன்று எண்களைப் பார்த்து எழுதுவார்: இப்போது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு சின்னக் காந்தத்தால் ஊசிகளை இழுத்து மறுபடி பாதரசத்தோடு சேர்த்துவைப்பார். கடைக்குள் தண்ணீர் நின்ற பிறகு அதன் உயரத்துக்கும் ஒரு கட்டம் கோடிட்டுக்கொண்டார். தன் கண்ணால் பார்க்காத எதையும் அதில் எழுதுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

மறு ஆவணியில் கணேஷ்ராம் மதுரைக் கம்பெனி ஒன்றிடம் டேஷ்போர்டு வாங்கி மாட்டினான். பில் போடுவது, எந்தத் தொகுப்பு (பேட்ச்) மருந்து யாருக்குப் போனது, எது காலாவதியாகப் போகிறது, எதை எப்போது வாங்கவேண்டும், எல்லாம் சுவரில் தொங்கிய திரையில் தெரிந்தது. ஃபிரிட்ஜுக்குள் வைக்க தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது வெப்பநிலையை அனுப்பும். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருந்தால் திரையில் பச்சை வட்டம், அதைத் தாண்டி அரைமணி நேரம் இருந்தால் சிவப்பு, கூடவே செல்போனில் ஒரு அலறல். கணேஷ்ராமுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கியதில்லை. தன் சார்பில் ஏதோ ஒன்று கண் விழித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கம்பெனிப் பையன் தண்ணீரில் நின்றபடி எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, காலைச் சுற்றி நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இதுக்கு மட்டும் எங்க சிஸ்டத்துல இடம் இல்ல சார்” என்றான்.

ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் கூடியபோது கடைக்குள்ளும் கூடியது. ஊரில் மழை விட்டிருந்த நாளில் இங்கே முழங்காலைத் தொட்டது. நான்கு பேர் சேர்ந்து ஃபிரிட்ஜைச் சாய்த்துத் தூக்கிக் கல் மேடையில் ஏற்றினார்கள். அந்த ஆட்டத்தில் உள்ளே குளிர் போதும் என்று மோட்டாரை நிறுத்துகிற மெல்லிய உலோகக் குழாய் தன் இடத்தைவிட்டு விலகிவிட்டது, அது யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜ் உயரம் மாறியதும் பின்தட்டில் இருந்த சென்சாருக்கு சிக்னல் எட்டவில்லை. போனில் கேட்டதற்கு, கதவுத் தட்டில் வையுங்கள் என்றார்கள். வைத்தான். பச்சை வட்டம் வந்தது.

அடுத்த காலை ஆச்சி கதவைத் திறந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏலே கணேசா, குளிர் ஊசி மைனஸ் ரெண்டு காட்டுது.”

“இங்கன பாருங்க ஆச்சி. ராத்திரி முழுக்க ரெண்டுக்குக் கீழ எறங்கவே இல்ல. சராசரி நாலு புள்ளி ஆறு.”

“ஏலே, சராசரியையா ஊசியில ஏத்தப் போறாவ?”

“ஃபிரிட்ஜத் தூக்கையில குழா குலுங்கியிருக்கும். ஊசி நழுவியிருக்கும்.”

அது நியாயமான பேச்சு. குலுங்கினால் ஊசி நழுவும், அதனால் ஆச்சி காந்தத்தால் இழுத்துச் சரிசெய்து மறுநாளும் பார்த்தார். மறுநாளும் மைனஸ் இரண்டு. அன்றைக்கு இருப்பில் இருந்த இன்சுலின் தொகுப்பின் எண்ணைப் பேரேட்டில் எழுதி, சிவப்பு மையில் ‘விற்கக்கூடாது’ என்று போட்டார். “சூடு கொஞ்சம் ஏறினா மன்னிச்சுரலாம். உறைஞ்சதுக்கு மன்னிப்பு கெடையாது. உருகினாலும் அது பழைய மருந்து இல்ல” என்றார். கணேஷ்ராம் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. அந்த வகை மருந்து கெட்டாலும் கண்ணுக்குத் தெரியாது என்று ஆச்சி சொன்னது அவன் காதில் விழுந்தது. வெள்ளத்தில் போன சரக்குக்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தான். ஆச்சி மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிற நேரங்களில், திரை பச்சையாக இருக்கிறது என்ற தைரியத்தில், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் வழக்கைத் தீர்த்தது கணேஷ்ராமின் மனைவி சுகிர்தா. இருவரும் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுச் சலித்தவள், தண்ணீரில் இறங்கிப் போய் ஆச்சியின் வெப்பமானியைக் கதவுத் தட்டுக்கும், சென்சாரைப் பின்தட்டுக்கும் மாற்றி வைத்தாள். சிக்னல் எட்டுவதற்காக வைஃபை பெட்டியைக் கழற்றி ஃபிரிட்ஜின் தலையில் உட்கார வைத்தாள். மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் கணேஷ்ராமின் செல்போன் அலறியது. திரையில் வட்டம் சிவப்பாக இருந்தது, மைனஸ் ஒன்று புள்ளி எட்டு. கதவுத் தட்டில் இருந்த ஆச்சியின் குழாயோ இரண்டரைக்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டும் தாங்கள் இருந்த இடத்தை அப்படியே சொல்லியிருந்தன. கதவோரம் இருந்தது கதவோரத்தைச் சொன்னது, மருந்தோடு இருந்தது மருந்தைச் சொன்னது. மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததை, அன்றைக்குத்தான் ஃபிரிட்ஜின் மேல் கை வைத்துக் கணேஷ்ராம் கவனித்தான்.

“எத்தன குப்பி குடுத்தே?” என்று குப்பிகள் குறைந்திருப்பதைப் பார்த்து ஆச்சி கேட்டார். மதியங்களில் விற்றதை அவன் ஒப்புக்கொண்டான். சிவப்பு மையில் எழுதிய தொகுப்பு எண்ணை ஆச்சி பேரேட்டில் இருந்து வாசிக்க, சுகிர்தா அதை டேஷ்போர்டில் தட்டினாள். வாங்கியவர்களின் பெயரும் போன் எண்ணும் மூச்சு விடுவதற்குள் வரிசையாக வந்து நின்றன. ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இத நம்ம நோட்டுல தேடியிருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்” என்றார். எல்லாருக்கும் போன் போட்டார்கள். சிலர் இன்னும் குப்பியைத் திறக்கவில்லை. சிலர், ரெண்டு நாளாக ஒரே தாகமாக இருந்தது என்றார்கள். பஸ் கண்டக்டர் எபனேசர் மட்டும் போனை எடுக்கவில்லை. அவருடைய மகள் ரீபாவுக்குப் பதினொரு வயது, ஆறு வயதில் இருந்து இன்சுலின் போடுகிறவள்.

அவர்கள் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கணேஷ்ராம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பேண்ட் முழங்கால்வரை நனைந்தே இருந்தது. முதலில் டாக்டரைப் பார்த்து, மருந்து உறைந்துபோனது என்று சொன்னான். பிறகு நடைபாதையில் நின்ற எபனேசரிடமும் அவர் மனைவி டார்லினிடமும் சொன்னான். அவர்கள் அடிக்க வரவேண்டும் என்று எதிர்பார்த்தான். எபனேசர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கல்யாண வீட்டுல கருப்பட்டி மிட்டாய் குடுத்தாவ அண்ணாச்சி. சுகர் ஏறிட்டே போகுது. பிள்ள களவா தின்னுட்டாள்னு நெனச்சோம். திங்கல திங்கலன்னு அழுதா.” டார்லின்தான் முடித்தாள். “நான் அடிச்சுட்டேன். ஊசி போடுத கையாலேயே அடிச்சுட்டேன்.”

ரீபா மூன்றாம் நாள் தேறினாள். கணேஷ்ராம் மிச்சத் தொகுப்பு முழுவதையும் அழிப்பதற்கு ஒப்படைத்துவிட்டு, ஃபிரிட்ஜை மாற்றி, சென்சாருக்குக் கம்பி இழுத்து மருந்தோடு மருந்தாகப் பின்தட்டில் வைத்தான். அதற்காகச் சுகிர்தாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. ஆச்சி அவனைத் திட்டவில்லை. அது அவனுக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை எபனேசர் குடும்பத்தோடு கடைக்கு வந்தார். பக்கத்தில் வேறு கடையும் இருந்தது, ஆனாலும் வந்தார். அன்றைக்கு உள்ளே தண்ணீர் கொஞ்சம் கூடுதல். டார்லின் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ரீபா நேராக நடந்து போய் ஆச்சியின் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆச்சி, நான் மிட்டாய் திங்கலன்னு உங்க நோட்டுல எழுதுங்க.”

“அத நான் பாக்கலையே தாயி. பாக்காதத நான் எழுதமாட்டேன்லா.”

பெண்ணின் முகம் வாடியது. தண்ணீர் கல் மேடையில் மெல்ல மோதிக்கொண்டிருந்தது. ஆச்சி பேரேட்டை மடியில் விரித்து, அந்த ஐப்பசிப் பக்கத்தைத் தேடி எடுத்து, குறிப்பு என்ற கட்டத்தில் பைய எழுதினார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார். “மருந்துத் தட்டில் மைனஸ் இரண்டு, பார்த்தேன். அந்தக் குளிரில் மருந்து உறையும், உறைந்த மருந்து வேலை செய்யாது, அறிவேன். ரீபா மேல் குற்றம் இல்லை.” கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கணேஷ்ராமிடம் நீட்டினார். அவனும் அதன் கீழ் போட்டான்.

டார்லின் எட்டி அந்த வரியைப் படித்தாள். சேலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். முந்தானையும் கொசுவமும் ஆற்றில் நனைய, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பதினொரு வயதுப் பிள்ளை, கனம்தான். இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. எபனேசர் மருந்தை வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கு என்று சொல்லிவிட்டுப் படியேறிச் செருப்பைத் தேடினார்.