பதில் வர வேண்டிய விலாசம்

"முழுசா படிக்க விடேன்டா, பாதியிலேயே பிடுங்கினா…"

"நான் எழுதினதை நானே படிக்கிறேன்க்கா, உன் குரல்ல படிச்சா கெஞ்சுற மாதிரி…"

"கெஞ்சினா என்ன, நம்ம பணம் வந்தா…"

"நம்ம பணத்துக்கு நாம ஏன் கெஞ்சணும்?"

"ரெண்டு பேரும் வாயை மூடினா நான் படிச்சுடுவேன்" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா அம்மா.

முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். செவ்வாயும் வியாழனும் நூலகத்து மாடியில் உட்கார்ந்து, வாடகைக்கு இருப்பவர்களின் கடுதாசிகளைச் சும்மாவே பார்த்துக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். ஆனால் பேச்சு வாங்காமல் யாரும் இறங்கிப் போனதில்லை.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபது வருஷமாக நிற்கிறவளுக்கு இன்று உட்கார்ந்திருப்பதே கஷ்டமாக இருந்தது. ஜூலை கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தாள். ஹாலில் மடக்குக் கட்டில். தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. ஆனாலும் எல்லாரும் டிவியை அணைத்த பிறகுதான் இவள் படுக்க முடியும். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் அறை பார்த்து, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டாள். மீதியை அக்டோபர் ஒண்ணாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் வந்தால்தான் கட்ட முடியும். தம்பிக்கு இது தெரியாது. சொல்ல வாயெடுத்தால், 'இது உன் வீடுக்கா' என்று அவன் சொல்கிற முகம் முன்னால் வந்து நிற்கும்.

"'வஞ்சக நெஞ்சம் கொண்ட தங்களுக்கு' என்று ஆரம்பிச்சிருக்கு" என்றாள் குமாஸ்தா அம்மா.

"உண்மைதானே?"

"உண்மைதான் தம்பி. ஆனா நாளைக்கு இதை மூணாவது மனுஷன் ஒருத்தர் படிப்பார். அவருக்கு நெஞ்சம் வேண்டாம், தேதி வேண்டும்." ஒரே கோட்டில் முதல் பத்தி காலி. "அட்வான்ஸ் தொண்ணூறாயிரம். எப்படிக் கொடுத்தீங்க?"

"எண்பத்தஞ்சு பேங்க்ல போட்டேன். அஞ்சாயிரம் கையில" என்றாள் அக்கா.

"கையில கொடுத்ததுக்கு ரசீது?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

குமாஸ்தா அம்மா ஒப்பந்தத்தைப் புரட்டினாள். "நல்ல வேளை. ரெண்டாம் பக்கத்துல 'தொண்ணூறாயிரம் பெற்றுக்கொண்டேன்'னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். அதை அப்படியே எடுத்து எழுதுங்க. காலி பண்ணின தேதி?"

"ஜூலை முப்பத்தொண்ணு" என்றான் தம்பி.

"சாவி கொடுத்தது?"

"அதுவும் அன்னிக்குத்தான்னு போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க, தெரியுது. கொடுத்தது எப்போ?"

"ஆகஸ்ட் மூணு" என்றாள் அக்கா மெதுவாக. "ஓனர் ஊர்ல இல்ல. 'மூணாம் தேதி வந்து வாங்கிக்கறேன்'னு போன்ல மெசேஜ் அனுப்பினார். வந்து வாங்கினார்."

"இதுல மறைக்க என்ன இருக்கு தம்பி? 'மூணு நாள் சாவியை வச்சுக்கிட்டு முப்பத்தொண்ணுன்னு பொய் எழுதியிருக்காங்க'ன்னு அவர் ஒரு வரி பதில் போட்டா, உங்க மிச்ச உண்மையும் அதோட சேர்ந்து போயிடும். நாமே சொல்லிட்டா அவர் கையில பிடி இல்ல. அந்த மெசேஜைப் படம் எடுத்து இணைங்க. சாவி வாங்கினதுல இருந்து முப்பது நாள்ல திருப்பித் தரணும்னு ஒப்பந்தம் சொல்லுது. அப்போ செப்டம்பர் ரெண்டோட கெடு முடிஞ்சுது. இன்னிக்கு ஒன்பது."

"ஏழு நாள் தாமதம்" என்றான் தம்பி, தானே கண்டுபிடித்தவன் மாதிரி.

"சரி. அடுத்தது. 'வீட்டில் ஒரு சிறு கீறல்கூட இல்லை.' அப்படியா?"

"அப்படியேதான்! என் அக்கா வீட்டை வச்சிருக்கிற அழகுக்கு…"

"வாஷ்பேசின்ல விரிசல் இருக்கு" என்றாள் அக்கா.

தம்பி திரும்பினான். "எப்போ?"

"எவர்சில்வர் டம்ளர் விழுந்துது. போன வருஷம்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்கலையே."

குமாஸ்தா அம்மா சிரிக்கவில்லை. "அதையும் எழுதுங்க. 'வாஷ்பேசின் விரிசல் என்னால் ஏற்பட்டது. அதைச் சரிசெய்த பில்லைக் காட்டினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.' அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கணும், அது இதுன்னு வாய்ச்சொல்லா ஏதாவது பிடிக்கப் பார்த்தாரா?"

"போன்ல பெயின்ட் பத்திச் சொன்னார்."

"எதைக் கழிச்சாலும் எதுக்கு எவ்வளவுன்னு எழுத்துல, பில்லோட கேளுங்க. கடைசியில 'உடனடியாக'ன்னு போட்டிருக்கு. உடனடிக்குக் காலண்டர்ல கட்டம் கிடையாது. தேதி போடணும். பதிவுத் தபால் போய்ச் சேர ரெண்டு மூணு நாள், அதுக்கு மேல ரெண்டு வாரம். 'செப்டம்பர் இருபத்தாறுக்குள்ள இந்த பேங்க் கணக்குக்கு அனுப்புங்க, தவறினா சட்டப்படி மனு கொடுப்பேன்'னு எழுதுங்க. போதுமா?"

இருபத்தாறு. அக்கா மனசுக்குள் விரல் விட்டு எண்ணினாள். ஒண்ணாம் தேதிக்கு அஞ்சு நாள் முன்னால். "போதும். ரொம்பப் போதும்" என்றாள். அவ்வளவு சீக்கிரமாகச் சொன்னதில் தம்பி அவளைப் பார்த்தான்.

"அசலை அனுப்பாதீங்க, நகல் மட்டும்" என்றபடி குமாஸ்தா அம்மா பேனாவைத் தாளின் தலைக்குக் கொண்டு போனாள். "அனுப்புநர் விலாசம். இது யாரோடது?"

"என்னோடது. அக்கா எங்களோடதான் இருக்காங்க" என்றான் தம்பி.

"பதில் இங்கதான் வரும். பணம் வரலைன்னு மனு போட்டா, நோட்டீஸ் எல்லாம் இங்கதான் வரும். மூணு மாசம் நாலு மாசம்கூட ஆகும். ஒண்ணு தவறினாலும் விசாரணை நாள் தவறிடும்." குமாஸ்தா அம்மா நிமிர்ந்தாள். "அத்தனை நாளும் இந்த விலாசத்துல இருப்பீங்களா அம்மா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். கீறல் இல்லை என்பதைப் போல அதுவும் ஒரு வரிதான்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும்தான் இருப்பேன்" என்றாள் அக்கா.

தம்பி நாற்காலியை நகர்த்தினான். கீழே யாரோ புத்தகம் வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க போறே?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால. ஒரு ரூம்."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"உன் பெண்டாட்டி தங்கம்டா. நான்தான், தூக்கம் வராத அன்னிக்கு லைட்டைப் போட்டுக்கிட்டு உட்காரணும்னு பார்க்கறேன். உங்க ஹால்ல அது முடியல."

"ஊர் என்ன சொல்லும்? அக்காவை வச்சுக் காப்பாத்தத் துப்பில்லாதவன்னு…"

"ஊர் வந்து என் வாடகையைக் கட்டப் போகுதா?"

அவன் வஞ்சக நெஞ்சத்தின் மேல் விழுந்திருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினவன். தன் பணம் போல் கோபப்பட்டவன். அந்தப் பணம் அவளை அவன் வீட்டிலிருந்து கூட்டிப் போகத்தான் வரப்போகிறது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"விலாசம்?" என்றாள் குமாஸ்தா அம்மா, யாரையும் அவசரப்படுத்தாத குரலில். "புது ரூமைப் போடலாமா?"

"அங்க தபால்பெட்டி கிடையாது, கீழ்வீட்டுக்காரங்க வாங்கி வைப்பாங்களோ என்னவோ" என்றாள் அக்கா. தாளைத் தன் பக்கம் திருப்பி, தம்பியின் விலாசத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுவே இருக்கட்டும்மா. இந்த விலாசம் எங்கேயும் போகாது."

பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"கடுதாசி வந்தா நீயே எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வரணும். வருவேல்ல?"